போன மாதத்து நெகட்டிவ்

அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களைத் தெருவில் பார்த்தாலே சிஸ்டர் கண்டுபிடித்துவிடுவார். உதடு காட்டிக்கொடுத்துவிடும். தோல் உரிந்து, ஓரம் வெடித்து, எச்சிலால் நனைத்து நனைத்து இன்னும் காய்ந்துபோன உதடு. பஸ்ஸில் எதிர் சீட்டில் ஒரு பெண் பையைத் துழாவி உதட்டுக்குக் களிம்பு எடுத்தாலே, "ரெண்டாவது மாசமா, மூணாவது மாசமா?" என்று கேட்க இவருக்கு நாக்கு துறுதுறுக்கும். கேட்டதில்லை. பஸ்ஸிலாவது வாயை மூடிக்கொண்டு உட்காரலாமே என்றுதான்.

மாத்திரையின் பெயர் ஐசோட்ரெடினாயின். அந்தப் பெயரை முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் வரிசையில் ஒரு ஆள் நகர்ந்துவிடலாம் என்பதால் கிளினிக்கில் எல்லோருக்கும் அது 'பரு மாத்திரை'. ஒன்றிரண்டு பருவுக்கெல்லாம் கொடுப்பதில்லை. முகம், முதுகு என்று கட்டி கட்டியாய்க் கிளம்பி, சீழ் கட்டி, ஆறினாலும் குழி விட்டுப் போகிற ரகத்துக்கு, மற்ற மருந்தெல்லாம் கைவிட்ட பிறகு கொடுப்பது. நன்றாகவே கேட்கும். ஆனால் அதற்கு ஒரு முரட்டுக் குணம் உண்டு. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது உள்ளே போனால் அந்தப் பிள்ளையின் காது, முகம், இதயம், மூளை என்று எதையும் விட்டுவைக்காது. அதனால்தான் பெண்களுக்கு அத்தனை கெடுபிடி. தொடங்குமுன் ஒரு மாதம், சாப்பிடும் மாதங்கள் முழுக்க, நிறுத்திய பின் ஒரு மாதம், கர்ப்பம் தரிக்கவே கூடாது. ஒரு தடுப்பு போதாது, இரண்டு வேண்டும். ரத்தம் தானம் செய்யக் கூடாது, மாத்திரையை அடுத்தவருக்குக் கொடுக்கக் கூடாது. மாதாமாதம் வந்து சிறுநீர் கொடுத்து, கர்ப்பம் இல்லை என்று தாளில் ஏறினால்தான் அடுத்த முப்பது நாளுக்கு மருந்துச் சீட்டு.

தாளில் ஏற்றுவது சிஸ்டரின் வேலை. பதினோரு வருடமாக அதுதான் வேலை. ரத்தம் எடுப்பது, ஈரலுக்கும் கொழுப்புக்கும் வந்த ரிப்போர்ட்டைச் செருகுவது, சிறுநீர்க் கோப்பையில் பேர் எழுதுவது, கர்ப்பம் பார்க்கும் கார்டில் மூன்று சொட்டு விடுவது, ஐந்து நிமிடம் காத்திருப்பது, ஒரு கோடு என்றால் 'நெகட்டிவ்' என்று எழுதுவது. பதினோரு வருடத்தில் இரண்டு கோட்டை அவர் பார்த்ததே இல்லை. அது ஒரு பெருமையாக இருந்து, பிறகு பழக்கமாகி, கடைசியில் அலுப்பாகிவிட்டது. எப்போதும் ஒரே பதிலைச் சொல்கிறவனிடம் எத்தனை நாள்தான் ஆசையாகக் கேள்வி கேட்பது?

அலுப்பு கிளினிக்கில் மட்டுமா? வீட்டில் கணவருக்குச் சர்க்கரை, வலது காலில் ஆறாத புண். காலையில் அதைக் கழுவிக் கட்டிவிட்டு வந்தால், இங்கே பன்னிரண்டு மணி வரை அடுத்தவர் புண்ணைக் கழுவிக் கட்ட வேண்டும். இரண்டு இடத்திலும் 'வலிக்குது, மெதுவா' என்ற அதே முனகல்தான். கிளினிக்கில் முனகுகிறவர்கள் நன்றியாவது சொல்வார்கள்.

டெய்லர் பெண் இன்று வந்தது ஐந்தாவது மாதச் சீட்டுக்கு.

டெய்லர் என்றால் நிஜமாகவே டெய்லர். பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிற கடையில் இருபத்தாறு வயதிலேயே கட்டிங் மாஸ்டர். முதல் நாள் வந்தபோது துப்பட்டாவை மூக்குவரை இழுத்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் பேசினாள். கன்னம் இரண்டும் கொப்புளித்துக் கிடந்தது. கல்யாணமாகி இரண்டு வருடம், ஒரு போட்டோகூடப் பக்கவாட்டில் நிற்காமல் எடுத்ததில்லை என்றாள். "முகம் சரியாகட்டும் சிஸ்டர், அப்புறம்தான் குழந்தை. அதுக்கு அம்மா மூஞ்சியப் பாத்தா பயம் வரக் கூடாதுல்ல?" என்று அவளே சொல்லி அவளே சிரித்தாள். சிஸ்டருக்கு அன்றைக்கே அவளைப் பிடித்துப்போயிற்று.

இரண்டாவது மாதம் வந்தபோது அவளுக்குக் கோபம். குண்டூசியை உதட்டில் கவ்விக்கொண்டுதான் அவர்களுக்கெல்லாம் வேலை ஓடும். உதடு வெடித்ததில் ஒரு ஊசியைக்கூடக் கவ்வ முடியவில்லை, ஊசி குத்திவைக்க மணிக்கட்டில் ஒரு குட்டித் தலையணையைக் கட்டிக்கொண்டு அலைகிறேன், கடையில் எல்லோரும் கேலி செய்கிறார்கள் என்று மூக்கால் அழுதாள். அந்த மாதம் ரத்தத்தில் கொழுப்பு கொஞ்சம் ஏறியிருந்தது. பொரித்ததையும் இனிப்பையும் குறைக்கச் சொன்னார் டாக்டர். மூன்றாவது மாதம் கொழுப்பு இறங்கிவிட்டது, முகத்தில் மேடெல்லாம் தட்டையாகிவிட்டது. துப்பட்டா கழுத்தோடு நின்றது. நான்காவது மாதம் கன்னம் தெரிய முடியைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தாள்.

அந்த நான்காவது மாதத்தில்தான் விஷயம் இருக்கிறது.

அன்று கூட்டம் கழுத்தை நெரித்தது. சிஸ்டரோடு வேலை பார்த்த இன்னொரு பெண் பிரசவ விடுப்பில் போயிருந்தாள். டெய்லர் பெண் கோப்பையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "சிஸ்டர், இந்த வாட்டி வரவே இல்ல" என்றாள்.

"எது?"

"அதுதான். மாசாமாசம் வர்றது. தடுப்பு மாத்திரை நிறுத்துற அந்த ஒரு வாரத்துல வந்துடும்ல, வரல."

"மாத்திரைய விட்டியா?"

"விடல. நடுவுல ரெண்டு நாள் வாந்தியும் பேதியுமாப் போச்சு, அவ்வளவுதான்."

சிஸ்டரின் கையில் அப்போது வேறொருவரின் ரத்தக் குழாய். "தடுப்பு மாத்திரை சாப்பிடும்போது சில மாசம் வராம இருக்கும்மா. பயப்படாத. எதுக்கும் கார்டுல பாத்துடுவோம்" என்றார். பொய்யில்லை, சில பேருக்கு வராமல் இருப்பதுண்டு. ஆனால் வாந்தியெடுத்தால் தடுப்பு மாத்திரை உடம்பில் தங்காது என்பதும் சிஸ்டருக்குத் தெரிந்ததுதான். அது காதில் விழுந்தது, மண்டைக்குள் போகவில்லை.

கார்டு டப்பாவைத் திறந்தால் காலி. மருந்துக்கடைக்குச் சொல்லியனுப்பினார், இரண்டு மணிக்கு வரும் என்றார்கள். தாளில் முடிவு இல்லாமல் யாரையும் உள்ளே அனுப்பினால் டாக்டர் கண்டபடி கத்துவார். டெய்லர் பெண்ணோ, ஒரு மணிக்குள் கடைக்குப் போகாவிட்டால் அரை நாள் போய்விடும் என்று கையைப் பிசைந்தாள். சிஸ்டர் கோப்பையைத் தொட்டியின் ஓரத்தில் வைத்தார். கார்டு வந்ததும் பார்த்துக்கொள்ளலாம், எப்போதும் இருக்கிற அதே ஒரு கோடுதானே. தாளில் 'நெகட்டிவ்' என்று எழுதிக் கையில் கொடுத்தார்.

"பாத்துட்டீங்களா சிஸ்டர்?"

"ஒண்ணும் இல்லம்மா. போ, டாக்டர் கூப்பிடுறாங்க பாரு."

அவள் முகம் மலர்ந்ததை சிஸ்டர் பார்த்தார். இரண்டு மணிக்குக் கார்டு வந்தது. தொட்டியோரம் பளபளவென்று இருந்தது. ஆயாம்மா ஒரு மணிக்கே கோப்பைகளையெல்லாம் கொட்டிக் கழுவிவிட்டுப் போயிருந்தாள். போன் நம்பர் தாளில் இருந்தது. கூப்பிட்டு, "நாளைக்கு இன்னொரு தடவை வந்து கொடுத்துட்டுப் போம்மா" என்று சொல்ல ஒரு நிமிடம் ஆகியிருக்கும். சொன்னால் ஏன் என்று கேட்பாள், டாக்டர் காதுக்குப் போகும், அதற்கொரு பாட்டு கேட்க வேண்டும். சிஸ்டர் அன்று காலை நாலரைக்கு எழுந்தவர். சாயங்காலம் கூப்பிடலாம் என்று நினைத்தார், நாளைக்கு என்று நினைத்தார், மூன்றாம் நாள் மறந்துபோனார். களைப்பு என்று அதற்குப் பேர் சொல்லலாம். செய்யாத வேலைக்கு என்ன பேர் வேண்டுமானாலும் வைக்கலாம்.

இன்று டப்பா நிறையக் கார்டு இருந்தது. டெய்லர் பெண்ணின் கோப்பையில் பேர் எழுதி, மூன்று சொட்டு விட்டு, அடுத்தவருக்குக் கட்டுப் பிரிக்கப் போய்விட்டார் சிஸ்டர். திரும்பி வந்து பார்த்தபோது இரண்டு கோடு.

இரண்டாவது கோடு மங்கலாகக்கூட இல்லை, முதல் கோட்டைவிடத் தடித்துச் சிவந்து கிடந்தது. இன்னொரு கார்டைப் பிரித்தார். அதிலும் இரண்டு. கார்டின் தேதியைப் பார்த்தார், கோப்பையில் எழுதிய பேரைப் பார்த்தார். கதவிடுக்கில் பார்த்தால், டெய்லர் பெண் பெஞ்சில் உட்கார்ந்து கைபேசியின் கறுப்புக் கண்ணாடியில் தன் கன்னத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிஸ்டர் தாளில் 'பாசிட்டிவ்' என்று எழுதினார். அதற்கு நேர் மேலே, போன மாதக் கட்டத்தில், அவர் கையெழுத்திலேயே 'நெகட்டிவ்' என்று இருந்தது. தாளை அவள் கையில் கொடுக்காமல் தானே எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

டாக்டர் தாளைப் பார்த்தார், கார்டைப் பார்த்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று சிஸ்டருக்கு இருந்தது.

"உக்காரும்மா" என்றார் டாக்டர். "இன்னைக்குக் காலைல மாத்திரை சாப்பிட்டியா?"

"இன்னும் இல்ல, டாக்டர். மத்தியானம்தான்."

"இனிமே சாப்பிடாத. இன்னையோட நிறுத்தணும். நீ கர்ப்பமா இருக்க."

டெய்லர் பெண் முதலில் சிரித்தாள். வெடித்த உதடு இழுத்ததும் கையால் பொத்திக்கொண்டாள். அந்தச் சிரிப்பு எதற்கு என்று அவளுக்கே தெரிந்திருக்காது. பொத்திய கையை எடுத்தபோது சிரிப்பு இல்லை.

"இருக்காது டாக்டர். ரெண்டும்தான் செஞ்சோம். ஒரே ஒரு நாள்..." அங்கேயே நின்றுவிட்டாள். "வாந்தி நின்ன மறுநாள். அவர் உறை இல்லன்னாரு. நான்தான் மாத்திரை சாப்பிடுறேனேன்னு சொன்னேன்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அது எப்போன்னு ஞாபகம் இருக்கா?"

"போன வாட்டி இங்க வந்ததுக்கு ரெண்டு வாரம் முன்னாடி."

டாக்டர் விரல் தாளின் மேல் ஓடியது. "அப்போ அது இல்ல. போன வாட்டி பாத்தப்ப நெகட்டிவ். அதுக்கு அப்புறம் எப்பவோதான் நடந்திருக்கணும். யோசிச்சுப் பாரு. எத்தனை தடவை சொல்லியிருக்கோம், ரெண்டும் ஒரு நாள்கூட விடக் கூடாதுன்னு. கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்க."

"அப்புறம் எதுவும் விடல, டாக்டர்."

"விடாம எப்படிம்மா?"

அவள் சிஸ்டரைத் திரும்பிப் பார்த்தாள். உதவிக்குத்தான். "போன மாசமே வரலன்னு சிஸ்டர்கிட்டச் சொன்னேன். அவங்க அப்பவே டெஸ்ட் பண்ணிப் பாத்து ஒண்ணும் இல்லன்னாங்க. அதனாலதான் இந்த மாசம் வரலன்னதும் நான் பெருசா எடுத்துக்கல. அவங்க பாத்தாங்க, டாக்டர். அவங்க மேல தப்பு இல்ல."

சிஸ்டர் சுவரைப் பார்த்தார். தனக்காக ஒருத்தி பரிந்து பேசுவதைக் கேட்டு இப்படிக் கூசியது இதுதான் முதல் முறை.

டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார். எழுதிக்கொண்டே பேசினார். எல்லாப் பிள்ளைக்கும் குறை வரும் என்று இல்லை. மூன்று நாலு பேரில் ஒருவருக்கு வருகிறது. கருவே கலைந்துபோவதும் உண்டு. வெளியே தெரியாமல் மூளையில் தெரிவதும் உண்டு. ஸ்கேனில் எல்லாம் தெரியாது. வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பதை நீயும் உன் வீட்டுக்காரரும்தான் முடிவெடுக்க வேண்டும், அங்கே இருக்கிறவர்கள் உட்கார்ந்து விளக்குவார்கள், யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். நிதானமாகத்தான் சொன்னார். ஆனால் கடிதத்தில் ஓடிய வரியை சிஸ்டர் தலைகீழாகவே படித்துவிட்டார்: சென்ற மாதம் சிறுநீர்ப் பரிசோதனை நெகட்டிவ், கரு தரித்து இரண்டு மூன்று வாரமே இருக்கலாம்.

"டாக்டர்" என்றாள் டெய்லர் பெண். கைவிரலை மடக்கி ஏதோ எண்ணிக்கொண்டிருந்தாள். "அப்போ ரொம்பச் சின்னதுதானே? போன மாசம் இல்லன்னா, அதுக்குள்ள எத்தனை மாத்திரை போயிருக்கும்? பத்துப் பதினஞ்சு இருக்குமா? அவ்வளவு கொஞ்சம்னா ஒண்ணும் ஆகாமக்கூட இருக்கலாம்ல? நான் வச்சுக்கலாம்ல?"

"கொஞ்சம்னாலும் ஆபத்துதான்மா. சில நாள் போனாலே போதும்."

"சரி. ஆனா கொஞ்சம்தானே?"

சிஸ்டர் கதவில் சாய்ந்து நின்றார். வாயைத் திறக்காமல் இருந்தால் என்ன ஆகும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஸ்கேனில் வயது கூடுதலாகக் காட்டும். கார்டு தப்பாகக் காட்டியிருக்கும் என்பார்கள். கார்டு சில சமயம் தப்பாகவும் காட்டும்தான். பழி கார்டு செய்த கம்பெனியோடு போய்விடும், கொஞ்சம் அந்த ஒரு நாளின் மேலும். இந்தப் பெண் ஆயுசுக்கும் தன்னைத்தானே திட்டிக்கொண்டிருப்பாள். சிஸ்டரின் வேலை பிழைத்துக்கொள்ளும். வீட்டில் ஒரு கால் இருக்கிறது, அதற்குக் கட்டுத்துணி வேண்டும், மருந்து வேண்டும். யோசித்தபோது அவருக்குத் தன்மேல் வெறுப்பு வரவில்லை, களைப்புதான் வந்தது. இதையும் சுமந்துகொண்டு நாளைக்கு நாலரைக்கு எழ வேண்டுமா என்ற களைப்பு.

"போன மாசம் நான் டெஸ்ட் பண்ணல, மேடம்."

டாக்டரின் பேனா நின்றது.

"கார்டு தீந்துபோச்சு. அப்புறம் பாத்துக்கலாம்னு எழுதிட்டேன். கார்டு வர்றதுக்குள்ள ஆயாம்மா கொட்டிட்டாங்க. கூப்பிட்டுச் சொல்லியிருக்கணும். சொல்லல."

வெளியே யாரோ டோக்கன் நம்பர் கேட்டுச் சண்டை போட்டார்கள்.

"வேற யாருக்கெல்லாம் இப்படி எழுதினீங்க?" என்றார் டாக்டர்.

"வேற யாருக்கும் இல்ல."

டாக்டர் நம்பினாரா என்று தெரியவில்லை. நம்ப வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. "இந்த மாசத்து ரிஜிஸ்டர், போன மாசத்து ரிஜிஸ்டர், ரெண்டையும் என் மேசைல வைங்க. இன்னைக்கே ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டுத் திரும்பப் பாக்கணும். மத்தத அப்புறம் பேசலாம்." கடிதத்தைக் கிழித்துவிட்டுப் புதுத்தாள் எடுத்தார். கோபத்தில் பேனா தாளைக் கிழித்துவிடும்போல் அழுத்தி ஓடியது. அதை மறைக்க அவர் முயலவும் இல்லை. "கடைசியா வந்ததுலேருந்து எண்ணினா எட்டு வாரக் கணக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே எழுதினார்.

டெய்லர் பெண்ணுக்குப் புரிய நேரம் பிடித்தது. ஒவ்வொரு வார்த்தையாக மென்று விழுங்குகிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். "அப்போ... அன்னைக்கே இருந்துச்சா?"

"இருந்திருக்கும்" என்றார் டாக்டர்.

"அன்னைக்குத் தெரிஞ்சிருந்தா?"

டாக்டர் சிஸ்டரைப் பார்க்கவில்லை. "அன்னைக்கே நிறுத்தியிருப்போம். அதுக்கு முன்னாடியும் மருந்து போயிருக்கு, அதனால அப்பவும் ஆபத்து இல்லன்னு சொல்லியிருக்க முடியாது. ஆனா..." பூசி மெழுகுகிற பழக்கம் அவருக்கு இல்லை. "உறுப்பெல்லாம் உருவாகுறது இந்த முப்பது நாள்லதான்."

சிஸ்டர் மேசையருகே வந்தார். அந்தப் பெண்ணின் தோளில் கை வைக்கப் போய், வைக்க யோக்கியதை இல்லை என்று இழுத்துக்கொண்டார். "மன்னிச்சுக்கம்மா" என்றார். சொன்னதும் அந்தச் சொல் எவ்வளவு சின்னது என்று அவருக்கே தெரிந்தது. "அது உன் தப்பு இல்ல. நீ சொன்ன. நான்தான் கேக்கல. உன் வீட்டுக்காரருக்கும் நானே சொல்றேன்."

அவள் எழுந்துகொண்டாள். திட்டுவாள் என்று சிஸ்டர் காத்திருந்தார். திட்டினால் கேட்டுக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தார். அவள் கடிதத்தை வாங்கி நாலாக மடித்தாள். பிறகு சிஸ்டரின் முகத்தை நேராகப் பார்த்தாள், முதல் நாள் சுவரைப் பார்த்துப் பேசிய அதே பெண்.

"பரு மாத்திரைய ரெண்டு நாளு மறந்துட்டேன் சிஸ்டர், போன வாட்டி வந்துட்டுப் போனப்புறம்" என்றாள். குரலில் கோபமே இல்லை. கணக்கு ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. "ராத்திரி ஞாபகம் வந்துச்சு. படுத்தவ எழுந்துபோய் எடுத்துப் போட்டுக்கிட்டேன். விடக் கூடாதுன்னு நீங்க சொல்லியிருந்தீங்கல்ல."